கல்யாண நோட்டை ஷீட்டுக்கு மாற்றுதல்: எது ஒரு வரி?

கல்யாணத்துக்கு அழைக்க வேண்டியவர்களின் பட்டியல் பெரும்பாலும் ஒரு நீள நோட்டில்தான் பிறக்கிறது. பெண்ணின் அப்பாவோ பெரியம்மாவோ நினைவுக்கு வந்த வரிசையில் எழுதுகிறார்கள். பிறகு பழைய மொய் நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விட்டுப்போனவர்களைச் சேர்க்கிறார்கள். இடப்பக்கம் பெயர் அல்லது உறவு, வலப்பக்கம் ஓர் எண். பத்திரிகை அடிக்கக் கொடுப்பதற்கு முன் இதை கூகுள் ஷீட்ஸிலோ எக்செலிலோ ஏற்றும்போது, எதை ஒரு வரியாக வைத்துக்கொள்வது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். பத்திரிகை எண்ணிக்கை, சாப்பாட்டு எண்ணிக்கை, யார் எந்த வீட்டுக்கு நேரில் போவது என்ற மூன்று கணக்குகளும் இந்த முடிவின் மேல்தான் நிற்கின்றன.

மூன்று வழிகள் உண்டு. நோட்டின் ஒரு வரியை ஷீட்டிலும் ஒரு வரியாக அப்படியே ஏற்றலாம். ஆளுக்கு ஒரு வரி போடலாம். அல்லது ஒரு பத்திரிகை போய்ச் சேர வேண்டிய ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வரி போடலாம். முதல் வழி வேகமானது, ஆனால் நோட்டில் உள்ள குழப்பம் முழுவதும் ஷீட்டுக்கும் வந்துவிடும். இரண்டாவது வழி, வருகிறவர்கள் ஒவ்வொருவரும் பெயர் சொல்லி வருகையை உறுதி செய்யும் விருந்துகளுக்குப் பொருந்தும். இங்கே ஒரு வீட்டிலிருந்து யார் யார் வருவார்கள் என்பது முதல் நாள் வரை அந்த வீட்டுக்கே தெரியாது என்பதால், பாதி வரிகளில் பெயர் இல்லாமல் ‘மகன்’, ‘மருமகள்’ என்று நிரப்ப வேண்டியிருக்கும். வீட்டுக்கு ஒரு வரி என்பதே அழைப்புக்கு ஏற்றது. வெளியூரிலிருந்து வந்து தங்குகிறவர்களுக்கு அறை ஒதுக்கவும் வேன் ஏற்பாடு செய்யவும் மட்டும் ஆளுக்கு ஒரு வரியாகத் தனி ஷீட் வைத்துக்கொள்ளலாம்.

வீடு என்பதற்கு இங்கே பொருள் தனிக் குடித்தனம். கல்யாணமாகித் தனியாக இருக்கும் மகனுக்கு அப்பாவின் பத்திரிகையிலேயே ‘உங்களையும் சேர்த்துத்தான்’ என்று சொல்லிவிட்டு வந்தால் அது மனவருத்தமாக முடியும். நோட்டில் அவர்கள் எல்லோரும் ஒரே வரியில் இருந்தாலும் ஷீட்டில் பிரிய வேண்டும்.

கரூர்ப் பக்கத்து வீடு ஒன்றின் நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். முதல் வரி ‘கரூர் பெரியப்பா – 6’. அடுத்து ‘சந்திரா அத்தை – 4’. பிறகு முத்து, குமார், செல்வி என்று மூன்று பெயர்கள் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதப்பட்டு, ஒரு வளைவுக்கோட்டால் சேர்க்கப்பட்டு, எதிரே 9. அதன் கீழே ‘மேலத் தெரு – 12 வீடு’, ‘பேங்க் மேனேஜர் – 2’, ‘சேலம் சித்தி – 3-4’. கடைசியில் எண் எதுவும் இல்லாமல் ‘டீச்சர்’. ஆக ஏழு பதிவுகள். வலப்பக்க எண்களைக் கூட்டினால், சித்திக்கு 4 என்று கொண்டால், 37 வரும்.

எழுதியவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டால் கணக்கு மாறுகிறது. பெரியப்பா வீட்டு ஆறு பேரில் மூத்த மகன் குடும்பம் மூன்று பேர் கோயம்புத்தூரில் தனியாக இருக்கிறார்கள். எனவே இரண்டு பத்திரிகை. அத்தைக்கு ஒன்று. முத்து, குமார், செல்வி மூவரும் உடன்பிறந்தவர்கள், மூன்று வீடு, நான்கும் மூன்றும் இரண்டுமாக ஒன்பது பேர். மேலத் தெருவுக்கு 12 பத்திரிகை. ஆனால் அந்த 12 வீடுகளின் எண்ணிக்கை, ஆட்களின் எண்ணிக்கை அல்ல. வீட்டுக்கு இருவர் என்று எழுதியவர் சொன்னால் 24 பேர். மேனேஜருக்கு ஒரு பத்திரிகை, இருவர். சித்திக்கு ஒன்று, நால்வர். டீச்சர் வீட்டுக்கு ஒன்று, கேட்டுத் தெரிந்துகொண்டபடி மூவர். ஏழு பதிவுகள் 21 பத்திரிகைகளாகவும் 52 ஆட்களாகவும் விரிகின்றன. ஒரே பக்கத்தில் 15 இலை குறைந்திருக்கும், பத்திரிகையிலோ மூன்றில் ஒரு பங்குதான் அடித்திருப்பார்கள். எண்ணுக்குப் பின்னால் ‘வீடு’ என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போவது இந்த வேலையில் மிக முக்கியமான கவனம்.

நோட்டிலிருந்து எழுத்தை ஷீட்டுக்குக் கொண்டுவருவதிலும் தேர்வு உண்டு. பக்கத்தைப் படம் எடுத்து, அதிலுள்ள எழுத்தைப் பிரித்துத் தரும் செயலியில் கொடுப்பது எளிதாகத் தோன்றும். அச்செழுத்துக்கு அது நன்றாக உதவும். கல்யாண நோட்டில் பெயர் ஒரு கோடியிலும் எண் மறு கோடியிலும் இருப்பதால் இரண்டும் பிரிந்து தனித்தனி வரிகளாக விழும். வளைவுக்கோடு காணாமல் போகும். ‘மேற்படி’ என்பதற்காகப் போட்ட இரட்டைக் கோடு 11 ஆகலாம். எல்லாவற்றையும் விட, அடித்த பெயர் உயிரோடு திரும்பி வரலாம். அடித்த காரணம் சண்டையாகவும் இருக்கலாம், சாவாகவும் இருக்கலாம். இரண்டிலும் பத்திரிகை போய்ச் சேர்ந்தால் வலிக்கும். போனில் பேசிப் பதிவது இதைவிடப் பரவாயில்லை என்றாலும் ஊர்ப் பெயர்களிலும் வீட்டில் கூப்பிடும் பெயர்களிலும் தடுமாறும்.

தனியாக ஒருவர் நோட்டைப் பார்த்துத் தட்டச்சு செய்வது 50 வரிகள் வரை போதுமானது. அதற்கு மேல் போனால், எழுதியவரே வாசிக்க, இளையவர் ஒருவர் தட்டச்சு செய்வதுதான் சிறந்த வழி. இதில் நேரம் கூடுதலாகச் செல்லும், இடையில் பழங்கதைகளும் வரும். ஆனால் மேலே கண்ட அத்தனை திருத்தங்களும் அந்தப் பேச்சிலிருந்துதான் கிடைக்கின்றன. நோட்டு ஒரு நினைவுக் குறிப்பு மட்டுமே, முழு விவரம் எழுதியவரிடம் இருக்கிறது. உட்காருவதற்கு முன் நோட்டின் ஒவ்வொரு பதிவுக்கும் பென்சிலால் எண் போட்டுவிட வேண்டும். மூன்றாம் பக்கம் ஏழாம் பதிவு என்றால் ‘ப3/7’. முன்னால் ஓர் எழுத்து இருப்பது அவசியம். வெறும் 3/7 என்று தட்டினால் ஷீட் அதைத் தேதியாக எடுத்துக்கொள்ளும்.

பத்திகளை எட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம். A-யில் நோட்டு எண். B-யில் நோட்டில் உள்ள சொற்கள், ஒரு எழுத்தும் மாறாமல். C-யில் உறையில் எழுத வேண்டிய பெயர். D-யில் உறவு, E-யில் இப்போது குடியிருக்கும் ஊர், F-இல் ஆட்கள், G-யில் அழைக்கும் முறை, H-இல் போன் எண். B தேவையில்லாதது போலத் தெரியும். சந்தேகம் வரும்போது பெரியவரிடம் காட்டிக் கேட்க உதவுவது அதுதான், ஏனென்றால் அது அவருடைய சொல். பெரியப்பா வரி இரண்டாகப் பிரிந்தால் A-யும் B-யும் இரண்டு வரிகளிலும் அப்படியே திரும்ப வரும். ஊரைத் தனியாகக் கேட்பதற்கும் காரணம் உண்டு. ‘சேலம் சித்தி’ சேலத்தை விட்டுப் பத்து வருடம் ஆகியிருக்கலாம். குடும்பத்தில் அவர் சேலம் சித்திதான், தபால் மட்டும் வேறு ஊருக்குப் போக வேண்டும்.

உறவை எழுதுவதில் இரண்டு முறைகளில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். எழுதியவருக்கு என்ன உறவோ அதை எழுதுவது ஒன்று. மணமகளுக்கோ மணமகனுக்கோ என்ன உறவு என்று எழுதுவது மற்றொன்று. நோட்டில் இரண்டும் கலந்தே இருக்கும். அப்பா ஒரு வரியில் தன் தம்பியைத் ‘தம்பி’ என்றும், அடுத்த வரியில் தன் அண்ணனைப் பிள்ளைகள் கூப்பிடுகிறபடி ‘பெரியப்பா’ என்றும் எழுதுவார். அப்பாவும் அம்மாவும் ஆளுக்குச் சில பக்கங்கள் எழுதியிருந்தால் குழப்பம் கூடும். மணமக்களை மையமாக வைத்து, அப்பா வழி, அம்மா வழி என்பதையும் சேர்த்து எழுதுவதே நல்லது. ‘மாமா’ என்று மட்டும் இருந்தால் அவர் அம்மாவின் உடன்பிறந்தவரா, அத்தையின் கணவரா என்று தெரியாது. தாய்மாமன் என்றால் முறை செய்ய வேண்டியவர். தட்டில் வெற்றிலை பாக்கோடு பெற்றோர் இருவரும் முதலில் போய் அழைக்க வேண்டிய வீடு. G-யில் ‘நேரில்’, ‘தபால்’, ‘வாட்ஸ்அப்’ என்று பிரிக்கும்போது இந்த உறவுப் பத்திதான் வழி காட்டும். நேரில் என்று குறித்தவற்றை ஊர் வாரியாக அடுக்கினால் ஒரே பயணத்தில் முடிக்க வேண்டிய வீடுகள் சேர்ந்து வரும்.

ஆட்கள் பத்தியில் எண் மட்டுமே இருக்க வேண்டும். ‘5 பேர்’ என்று தட்டினால் அது எழுத்தாகிவிடும். கூட்டல் அதைச் சத்தமில்லாமல் தாண்டிப் போகும். ‘3-4’ இதற்கு நேர்மாறான தொல்லை. அது தேதியாகி, தேதிக்குப் பின்னால் உள்ள நாள் எண்ணோடு கூட்டலில் சேர்ந்து, மொத்தம் திடீரென்று நாற்பதாயிரத்தைத் தாண்டும். இந்தத் தவறு உடனே கண்ணில் படும் என்பது நல்லது. முன்னது கண்ணில் படாது. எண்கள் செல்லின் வலப்பக்கம் ஒட்டியும் எழுத்துகள் இடப்பக்கம் ஒட்டியும் நிற்பதால், F பத்தியை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தால் இடப்பக்கம் ஒதுங்கி நிற்பவை தெரியும். போன் எண் பத்தியை மட்டும் தட்டச்சுக்கு முன்பே எழுத்து வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும், இல்லையென்றால் லேண்ட்லைன் எண்களின் முதல் சுழியம் மறைந்துவிடும்.

கணக்குக்குச் சில சூத்திரங்கள் போதும். முதலாவது பத்திரிகை எண்ணிக்கை, இரண்டாவது மொத்த ஆட்கள், மூன்றாவது நேரில் அழைக்க வேண்டிய வீடுகள், நான்காவது இரட்டைப் பதிவைக் காட்டுவது.

```
=COUNTA(C2:C400)
=SUM(F2:F400)
=COUNTIF(G2:G400,"நேரில்")
=COUNTIF(H$2:H$400,H2)
```

நான்காவதை I பத்தியில் கடைசி வரி வரை இழுத்துவிட்டால், 2 அல்லது அதற்கு மேல் காட்டும் வரிகள் இருமுறை ஏறியவை. அப்பா எழுதிய சுப்பிரமணியும் அம்மா எழுதிய ‘சுப்பு அண்ணன்’னும் பெயரால் பிடிபட மாட்டார்கள், போன் எண்ணால் பிடிபடுவார்கள். பெயர்களைத் தமிழில் தட்டுவதா ஆங்கில எழுத்திலா என்பதற்கு விடை உறையில் இருக்கிறது. உறையில் தமிழில் எழுதுவதானால் ஷீட்டிலும் தமிழே. எதுவானாலும் ஷீட் முழுவதும் ஒரே எழுத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் பெயர் வாரியாக அடுக்கும்போது ஒரே ஆள் இரண்டு இடங்களில் நிற்பார்.

ஒவ்வொரு பக்கமும் முடிந்ததும் நோட்டில் போட்ட கடைசிப் பென்சில் எண்ணையும் ஷீட்டில் அந்தப் பக்கத்தின் கடைசி எண்ணையும் ஒத்துப் பார்த்து, நடுவில் எந்த எண்ணும் விடுபடவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். அச்சகத்துக்குச் சொல்லும் எண்ணிக்கையில் குலதெய்வத்துக்கு வைக்கும் பத்திரிகை, ஊர்க் கோயில், வீட்டில் வைத்துக்கொள்ளும் சில பிரதிகள் ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும். இவை நோட்டில் இருக்காது. பத்திரிகை அடித்த பிறகு நினைவுக்கு வருகிறவர்களை நோட்டில் எழுதாமல் நேராக ஷீட்டின் அடியில், A பத்தியில் ‘பின்’ என்ற குறியோடு சேர்க்கலாம். அந்தக் குறியுள்ள வரிகளை எண்ணினால் கையிருப்புப் பத்திரிகை போதுமா, இன்னும் அடிக்க வேண்டுமா என்பது தெரிந்துவிடும்.