காயம் இல்லாவிட்டாலும் எழுதுங்கள்

கேள்வி: மைசூரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் நோயாளியின் உறவினர் ஊழியரைத் திட்டினால், அடித்தால் எப்படிப் பதிவு செய்வது?

பதில்: கர்நாடகத்தில் இதற்கென்றே 2009-ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளது. தாக்குதலுக்குச் சிறையும் அபராதமும் உண்டு. ஜாமீனை உரிமையாகக் கோர முடியாத குற்றம். வாசலில் ஒட்டும் அறிவிப்பு இதைக் கன்னடத்தில், பெரிய எழுத்தில் சொல்ல வேண்டும்.

பதிவுப் படிவத்தின் உயிர், நடந்ததை எழுதும் கட்டம். ‘தகாத வார்த்தை பேசினார்’ என்பது போதாது. உதாரணமாக, இரவு 11.40-க்கு ஊசி போடும் மேசையருகே உறவினர் சொன்ன சொற்கள் எவையோ, அவை கன்னடத்திலேயே அப்படியே பதிவாக வேண்டும். சாட்சிகளின் பெயரும் அவசியம். சிசிடிவி பதிவு தானாக அழிந்துவிடும் என்பதால் அன்றே எடுத்துவைக்க வேண்டும். உடைந்த கருவியின் வாங்கிய விலையையும் குறிக்க வேண்டும். அதன் இரு மடங்கை இழப்பீடாக வசூலிக்கச் சட்டம் இடம் தருகிறது.

போலீஸ் புகாரை அடிபட்ட செவிலியரின் தலையில் கட்டுவது அநியாயம். கொல்கத்தாவில் பெண் மருத்துவர் கொல்லப்பட்ட சம்பவத்துக்குப் பின், 2024 ஆகஸ்ட் 16 அன்று மத்திய சுகாதாரத் துறை தன் மருத்துவமனைகளுக்கு ஓர் உத்தரவு அனுப்பியது: 6 மணி நேரத்துக்குள் நிறுவனமே புகார் தர வேண்டும், அதற்கு நிறுவனத் தலைவரே பொறுப்பு. மற்ற மருத்துவமனைகளும் இந்தக் கெடுவைப் படிவத்தின் தலைப்பிலேயே அச்சிட்டுக்கொள்ளலாம்.