நீண்ட கொள்கையை ஒரு பக்கமாகச் சுருக்குதல்: எதை விடுவது?

மாணவர்களே, பந்தியொன்றை மூன்றிலொன்றாகச் சுருக்கும் பயிற்சியை நீங்கள் பல தடவை செய்திருப்பீர்கள். உதாரணம், உவமை, அடைமொழி, கூறியது கூறல் ஆகியவற்றை நீக்கி மையக் கருத்தை எழுதினால் அங்கு போதும். ஆனால் ஊழியருக்காகக் கொள்கையொன்றைச் சுருக்கும்போது இம்முறை மாத்திரம் போதாது. அதை வாசிக்கும் ஊழியர் அதன்படி நடக்கப்போகிறவர். ஆகவே ஒவ்வொரு வாக்கியத்தையும் எடுத்து, "இதை விட்டுவிட்டால் ஊழியர் செய்யும் செயல் மாறுமா?" எனக் கேளுங்கள். மாறாதெனின் தயங்காமல் விடலாம்.

உதாரணமாக, கிளைகள் பல உள்ள ஒரு புடவைக் கடையின் லீவுக் கொள்கை 12 பக்கங்கள் கொண்டது எனக் கொள்வோம். அதில் வருடாந்த லீவு பற்றிய பகுதி பின்வருமாறு உள்ளது:

"எமது நிறுவனம் ஊழியர் நலனைப் பெரிதும் மதிக்கின்றது. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டத்துக்கு அமைய, ஊழியர் ஒருவர் சேவையில் சேர்ந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டில் வருடாந்த லீவுக்கு உரித்துடையவராவார். ஜனவரி முதல் மார்ச் வரை சேர்ந்தவருக்கு 14 நாட்களும், ஏப்ரல் முதல் யூன் வரை சேர்ந்தவருக்கு 10 நாட்களும், யூலை முதல் செப்டெம்பர் வரை சேர்ந்தவருக்கு 7 நாட்களும், ஒக்டோபர் 1ஆம் திகதி அல்லது அதன் பின்னர் சேர்ந்தவருக்கு 4 நாட்களும் கிடைக்கும். அதற்கடுத்த ஆண்டுகளில் 14 நாட்கள் கிடைக்கும். விண்ணப்பம் 7 நாட்களுக்கு முன்னர் கிளை முகாமையாளரிடம் கையளிக்கப்பட வேண்டும். அவர் அதன் பிரதியைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவார். டிசெம்பர் மாதத்தில் முகாமையாளரின் எழுத்துமூல அனுமதியின்றி லீவு வழங்கப்படமாட்டாது. அனுமதியின்றி வராத நாளுக்குச் சம்பளம் இல்லை."

முதல் வாக்கியத்தை விடுவதில் எவருக்கும் சிரமம் இராது. சட்டத்தின் பெயரையும் இலக்கத்தையும் விடலாம்; ஊழியர் விண்ணப்பம் எழுத அவை தேவையில்லை. பிரதி அனுப்புவது முகாமையாளரின் வேலை. ஆகவே அதையும் விடலாம். முகாமையாளருக்கெனத் தனிச் சுருக்கம் எழுதினால் அந்த வாக்கியமே முதலில் வரும். வாசிப்பவர் மாறினால் விடுவதும் மாறும் என்பதைக் கவனிக்குக.

சிக்கல் நான்கு எண்களில்தான் உண்டு. பலர் இடத்தைச் சேமிப்பதற்காக "வருடாந்த லீவு 14 நாட்கள்" என எழுதிவிடுவர். பழைய ஊழியருக்கு இது சரி. ஆனால் சென்ற நவம்பரில் சேர்ந்த பிள்ளை இதை நம்பி 10 நாள் லீவுக்குத் திட்டமிட்டால், அவருக்கு உரியது 4 நாட்களே என்பது பின்னர்தான் தெரியவரும். மிகுதி 6 நாட்களுக்கு அனுமதி இல்லாமல் நின்றால் சம்பளமும் போய்விடும். ஆகவே அந்த எண்களை வைத்திருக்கவே வேண்டும். கிளையில் புதியவர் எவரும் இல்லையெனின், "சேர்ந்து இரண்டாம் ஆண்டில் உள்ளவர்கள் நாட்களின் எண்ணிக்கையை முகாமையாளரிடம் கேட்டறிக" என்ற ஒரு வரி போதும்.

டிசெம்பர் விதியைச் சுருக்கும்போது இன்னொரு பிழை நேரும். "டிசெம்பரில் லீவு இல்லை" என்பது மூன்றே சொற்கள். பார்வைக்கு அழகாகவும் இருக்கும். ஆனால் மூலத்தில் லீவு மறுக்கப்படவில்லை, நிபந்தனைதான் விதிக்கப்பட்டுள்ளது. வீட்டில் கலியாணம் உள்ளவர் இச்சுருக்கத்தை வாசித்துக் கேட்காமலே இருந்துவிடுவார். "இன்றி, தவிர, மாத்திரம், முன்னர்" போன்ற சொற்கள் வரும் வாக்கியங்களில் கை வைக்குமுன் இரு தடவை வாசியுங்கள்.

இப்போது எமது சுருக்கம் இவ்வாறு அமையும்:

"வருடாந்த லீவு 14 நாட்கள். சேர்ந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டில் மாத்திரம், சேர்ந்த மாதத்துக்கேற்பக் கிடைக்கும்: ஜனவரி – மார்ச் 14, ஏப்ரல் – யூன் 10, யூலை – செப்டெம்பர் 7, ஒக்டோபர் – டிசெம்பர் 4. விண்ணப்பத்தை 7 நாட்களுக்கு முன்னர் கிளை முகாமையாளரிடம் கொடுங்கள். டிசெம்பர் லீவுக்கு அவரது எழுத்துமூல அனுமதி வேண்டும். அனுமதியின்றி வராத நாளுக்குச் சம்பளம் இல்லை."

எழுதி முடித்தபின் மூலத்தை வாசிக்காத ஒருவரிடம் இதைக் கொடுத்து, "ஓகஸ்ட்டில் சேர்ந்தவருக்கு அடுத்த ஆண்டில் எத்தனை நாட்கள்? யாரிடம், எப்போது விண்ணப்பிப்பது?" எனக் கேளுங்கள். அவரது விடையை மூலத்துடன் ஒப்பிடுங்கள். விடை பிழைக்கும் இடத்தில்தான் விடக்கூடாத ஒன்றை விட்டிருப்பீர்கள்.

பயிற்சி: "முதலாம் ஆண்டில் உள்ள ஊழியருக்கு, பூர்த்தி செய்த ஒவ்வொரு இரண்டு மாதங்களுக்கும் ஒரு நாள் வீதம் அமைய லீவு உண்டு. அடுத்த ஆண்டிலிருந்து வருடத்துக்கு 7 நாட்கள்." இதைப் புதிய ஊழியருக்காக ஒரே வாக்கியத்தில் எழுதுக. பின்னர் ஐந்து வருடம் சேவையாற்றியவருக்காக எழுதுக. இரண்டிலும் நீர் விட்டவை எவை?