திரையில் ஓடும் எழுத்து பேச்சாக ஒலிக்க...

2019 ஆகஸ்ட் 26 அன்று கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டே கொரோனாப் பெருந்தொற்று பள்ளிகளை மூடியது. அதன்பின் கேமராவின் முன் நின்று பாடம் நடத்துவது நம்மில் பலருக்குப் பணியின் ஒரு பகுதியாகிவிட்டது. இன்று மாவட்ட அளவில் பதிவு செய்யும் காணொலிகள், ஆசிரியர்கள் சொந்த முயற்சியில் எடுக்கும் பாடங்கள் எனப் பலவற்றைப் பார்க்கிறோம். அவற்றில் ஒரு குறை திரும்பத் திரும்பத் தென்படுகிறது. வகுப்பில் பிள்ளைகளைக் கட்டிப்போடும் ஆசிரியர், டெலிபிராம்ப்டர் முன் நின்றதும் செய்தி அறிக்கை வாசிப்பவராக மாறிவிடுகிறார். வகுப்பில் கவனம் சிதறும் பிள்ளையை நாம் பெயர் சொல்லி அழைத்து மீட்டுவிடலாம். வீட்டில் தொலைக்காட்சி முன் அமர்ந்திருக்கும் பிள்ளையை அழைக்க யாருமில்லை. ‘இவர் என்னிடம் பேசவில்லை’ என்று அந்தப் பிள்ளைக்குத் தோன்றிய நொடியிலேயே பாடம் கைவிட்டுப் போகிறது.

டெலிபிராம்ப்டர் புதிய கருவி அல்ல. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சி நடிகர்கள் வசனம் மறக்காமல் பேச, கேமராவுக்கு அருகே காகிதச் சுருளை ஓடவிட்டார்கள். இன்று கேமராவின் முன் 45 டிகிரி சாய்வில் ஒரு கண்ணாடி நிற்கிறது. அதன் கீழே படுத்திருக்கும் டேப்லெட்டில் எழுத்து இடவலமாகத் திரும்பி ஓடும். கண்ணாடியில் பட்டு நமக்கு நேராகத் தெரியும். கேமரா அதே கண்ணாடியின் வழியே நம்மைப் பார்க்கும், எழுத்தைப் பார்க்காது. கருவியை இயக்குவது ஒரே நாளில் பழகிவிடும். பேச்சு வாசிப்பாக ஒலிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் கருவி அல்ல, அதில் ஏற்றிய எழுத்துதான்.

தமிழில் இந்தச் சிக்கல் கூடுதல். நாம் எழுதும் தமிழ் வேறு, வகுப்பில் பேசும் தமிழ் வேறு. ‘காணப்படுகின்றன’, ‘அமைந்துள்ளது’ என்று எந்த ஆசிரியரும் பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்வதில்லை. திரையில் அப்படி ஓடினால் வாய் அப்படியே சொல்லிவிடும். நம் மாவட்டத்துச் சித்தன்னவாசலை எடுத்துக்கொள்வோம். ஒரு சமூக அறிவியல் பாடத்துக்கு வழக்கமாக இப்படித்தான் எழுதுவோம்:

“சித்தன்னவாசல் குடைவரையின் விதானத்தில் தாமரைக்குளம் ஒன்று ஓவியமாகத் தீட்டப்பட்டுள்ளது. அக்குளத்தில் மீன்கள், பறவைகள், யானைகள் ஆகியவை காணப்படுகின்றன. அங்கு மலர் பறிக்கும் மூன்று ஆடவரின் உருவங்களும் இடம்பெற்றுள்ளன. இக்குடைவரை 9ஆம் நூற்றாண்டில் மதுரை ஆசிரியர் இளங்கௌதமனால் புதுப்பிக்கப்பட்டதாகக் கல்வெட்டின் மூலம் அறியப்படுகிறது.”

தகவலில் பிழையில்லை. ஆனால் சத்தமாகப் படித்துப் பாருங்கள். நான்கு வாக்கியங்களும் ஏறக்குறைய ஒரே நீளம். நான்கும் வினைமுற்றில் முடிகின்றன, அதுவும் ‘உள்ளது’, ‘கின்றன’, ‘உள்ளன’, ‘கிறது’ என்று. தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வருவதால் குரலும் அங்கே வந்து இறங்கும். நீளமும் முடிவும் ஒன்றாக இருந்தால் குரல் ஒரே இடைவெளியில் ஏறி ஏறி இறங்கும். அது தாலாட்டின் தாளம்!

அதே செய்தியைத் திரைக்கு இப்படி எழுதலாம். ஒரு சாய்கோடு சிறு நிறுத்தம், இரண்டு சாய்கோடு மூச்சு வாங்கும் நிறுத்தம்.

மேல பாருங்க. //
இது கூரை இல்ல, /
ஒரு குளம். //
தாமரைக்குளம். //
மீன் இருக்கு, /
பறவை இருக்கு, /
யானைகூட நிக்குது, /
அந்தத் தண்ணிக்குள்ள. //
பூப்பறிக்கிறவங்க எத்தனை பேர்? //
(3 நொடி, படத்தைப் பார்)
மூணு பேர். //
இந்தக் குடைவரையை /
ஒன்பதாம் நூற்றாண்டுல /
புதுப்பிச்சவர் பேரு /
கல்வெட்டுலயே இருக்கு. //
மதுரை ஆசிரியர் /
இளங்கௌதமன். //

(‘ஆசிரியர்’ என்ற சொல்லைக் கேட்டுப் பிள்ளைகள் நம்மைப் பார்த்துச் சிரிக்கலாம். இங்கே அது சமண ஆசாரியரைக் குறிக்கிறது என்று ஒரு வரி சொல்லிவிட்டால் போதும்.)

இதில் என்ன மாறியிருக்கிறது என்று கவனியுங்கள். ‘தாமரைக்குளம்’ என்பது ஒற்றைச் சொல் வாக்கியம். இளங்கௌதமன் வாக்கியம் அதைவிடப் பல மடங்கு நீளம். நீண்டது ஒன்று வந்தபின் குட்டையானது வரும்போது காது நிமிர்ந்துகொள்ளும். முடிவுகளும் மாறியிருக்கின்றன: ஒன்று கட்டளை, ஒன்று கேள்வி, சில பெயரில் முடிகின்றன.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ‘யானைகூட நிக்குது, அந்தத் தண்ணிக்குள்ள’ என்ற வரி. எழுத்துத் தமிழில் ‘தண்ணீருக்குள் யானை நிற்கிறது’ என்றுதான் வரும். பேசும்போது நாம் வினையைச் சொல்லி முடித்தபிறகு விட்டுப்போனதை வாலாக ஒட்டுகிறோம். ‘வந்துட்டான், உன் தம்பி’, ‘எடுத்து வை, அந்தப் புத்தகத்த’ என்றெல்லாம் நாள் முழுதும் சொல்கிறோம். எண்ணிக்கொண்டே பேசுவதன் அடையாளம் அது. ஒரு நிமிடப் பேச்சில் இரண்டு இடத்தில் இப்படி வால் ஒட்டினால் போதும், மனப்பாட வாடை போய்விடும். பத்து இடத்தில் ஒட்டினால் நாடக வசனமாகிவிடும்.

பேச்சுத்தமிழ் என்றால் எந்த ஊர்ப் பேச்சு என்ற கேள்வி எழும். அறந்தாங்கிப் பிள்ளைக்கும் தருமபுரிப் பிள்ளைக்கும் புரிகிற பொதுப் பேச்சு போதும். வினைகள் பேச்சில் இருக்கட்டும். ‘குடைவரை’, ‘கல்வெட்டு’, ‘விதானம்’ போன்ற பாடச்சொற்கள் புத்தகத்தில் உள்ளபடியே இருக்கட்டும், ஏனெனில் தேர்வில் பிள்ளை எழுத வேண்டியது அவற்றைத்தான். எண்களைத் திரையில் எழுத்தாலேயே எழுதுங்கள். ‘9ஆம்’ என்று வந்தால் கண் ஒரு கணம் தடுக்கும், அந்தத் தடுக்கல் குரலில் கேட்கும்.

அடுத்து நிறுத்தங்கள். வரி எங்கே உடைகிறதோ அங்கே வாய் தானாக நிற்கும். செயலியே வரியை உடைக்கும்படி விட்டால் ‘மதுரை ஆசிரியர் இளங்’ என்று ஒரு வரியும் ‘கௌதமன்’ என்று அடுத்த வரியும் வரக்கூடும். ஆகவே பொருள் எங்கே நிற்கிறதோ அங்கே நாமே வரியை முடிக்க வேண்டும். வரிக்கு இரண்டு மூன்று சொல், மிஞ்சினால் நான்கு. மேலே உள்ள எடுத்துக்காட்டு அப்படித்தான் உடைக்கப்பட்டிருக்கிறது.

கேள்விக்குப் பின் வரும் நிறுத்தத்தைத்தான் பலரும் விழுங்கிவிடுகிறார்கள். அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்பறைகளை ஆராய்ந்து, கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டார். மூன்று நொடியாவது காத்திருந்தபோது மாணவர்களின் விடைகள் நீண்டன, விடை சொல்ல முன்வருவோரும் கூடினர். கேமரா முன் மூன்று நொடி மௌனம் மூன்று நிமிடம்போலத் தோன்றும். பார்க்கும் பிள்ளைக்கு அது ஓவியத்தில் ஆட்களை எண்ணிப் பார்க்கும் நேரம். அதனால்தான் ‘3 நொடி’ என்று எழுத்திலேயே போட்டுவைக்கிறோம். அந்த நேரத்தில் எழுத்து ஓடக்கூடாது. எழுத்தை ஓட்டுபவர் நம் குரலின் பின்னால் வர வேண்டும், நாம் எழுத்தைத் துரத்தக்கூடாது. செயலியைத் தானியங்கி வேகத்தில் விட்டால் நிறுத்தங்கள் எல்லாம் பறிபோகும். சக ஆசிரியர் ஒருவரை விரலால் நகர்த்தச் சொல்வதே நல்லது.

இனிப் பார்வை. லென்ஸுக்கு நேரே எழுத்து இருந்தும் ‘படிக்கிறார்’ என்று தெரிவதற்குக் காரணம், கண்மணி இடமிருந்து வலமாக ஓடித் திரும்புவது. இதைக் கணக்காகவே பார்க்கலாம். எழுத்துப் பத்தியின் அகலம் 15 செ.மீ. என்று கொள்வோம். நாம் 1 மீட்டர் தொலைவில் நின்றால் கண் ஏறத்தாழ 8½ டிகிரி நகர வேண்டும். 2½ மீட்டர் தள்ளி நின்றால் 3½ டிகிரிக்குள் அடங்கிவிடும். ஆகவே கேமராவைத் தள்ளி வைத்து, ஜூம் செய்து நெருக்கமாக எடுங்கள். தள்ளி நின்றால் எழுத்தைப் பெரிதாக்க வேண்டும், பெரிதாக்கினால் வரிக்கு இரண்டு மூன்று சொல்தான் கொள்ளும். நிறுத்தத்துக்காகச் செய்த வரி உடைப்பு பார்வைக்கும் உதவுகிறது. படிக்கும் வரி எப்போதும் லென்ஸின் உயரத்திலேயே இருக்கட்டும். திரையின் அடிவரை படித்துக்கொண்டே இறங்கினால் இமை தாழ்வது காணொலியில் தெரிந்துவிடும்.

எல்லாப் பள்ளியிலும் அந்தக் கண்ணாடி இருக்காது. சாதாரண ஜன்னல் கண்ணாடியை வைத்துப் பார்த்தால் அதன் இரு பரப்புகளும் ஒளியைத் திருப்பி எழுத்தை இரட்டையாகக் காட்டும், பிம்பமும் மங்கலாக இருக்கும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து, திரையின் முழு வெளிச்சம், கேமராவைச் சுற்றிக் கறுப்புத் துணி என்று செய்தால் சமாளிக்கலாம். கண்ணாடியே இல்லையென்றால் டேப்லெட்டை லென்ஸுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், லென்ஸை ஒட்டிக் கீழே வையுங்கள். பார்வை சற்றுக் கீழே விலகுவதைவிடப் பக்கவாட்டில் விலகுவதைத்தான் பார்ப்பவர் சட்டென்று கண்டுகொள்வார்.

லென்ஸை விடாமல் வெறித்துப் பார்ப்பதும் இயல்பல்ல. படம் காட்டும்போது படத்தைப் பாருங்கள், நினைவுகூரும்போது கண் விலகட்டும், முக்கியச் சொல்லுக்கு லென்ஸுக்குத் திரும்புங்கள். நான் எழுத்திலேயே சில வெற்றிடங்கள் விடுவதுண்டு. ‘ஏழடிப்பட்டம் பற்றி, 20 நொடி, சொந்தமாக’ என்று மட்டும் திரையில் இருக்கும். பாறைச் சரிவில் இருக்கும் அந்தக் கற்படுக்கைகளைப் பற்றிப் பேச நமக்கு எழுத்து வேண்டியதில்லை. சொந்தமாகப் பேசிய அந்த 20 நொடியின் வேகமும் குரலும் அடுத்துப் படிக்கும் வரிகளிலும் தொடரும்.

எடுத்த காணொலியை இருமுறை சோதியுங்கள். முதலில் ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள்: கண் ஓடுகிறதா? பிறகு திரையைத் திருப்பி வைத்துவிட்டுக் கேளுங்கள்: வாக்கியங்கள் எல்லாம் ஒரே மாதிரி இறங்குகின்றனவா? முதல் சோதனையில் தோற்றால் தொலைவையும் எழுத்தளவையும் மாற்றுங்கள். இரண்டாவதில் தோற்றால் இன்னொரு முறை எடுப்பதில் பயனில்லை, எழுத்தைத்தான் திருத்த வேண்டும். அதற்கு எளிய வழி, பாடத்தை எழுதும் முன் அதை வகுப்பில் ஒருமுறை நடத்தி, கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்து, அதிலிருந்து எழுதுவது. உங்கள் வால்களும் நிறுத்தங்களும் அதிலேயே கிடைத்துவிடும்.

கணக்குப் பாடத்துக்கு மட்டும் இந்தக் கருவி வேண்டாம் என்பேன். கரும்பலகையில் ஒவ்வொரு படியாகப் போடும்போது கண் கையைப் பின்தொடர வேண்டும். அங்கே திரையில் எழுத்து ஓடினால் கை ஒரு பக்கமும் வாய் ஒரு பக்கமும் போகும். முதல் இரண்டு வாக்கியத்தையும் இறுதியில் தரும் பயிற்சி வினாவையும் மட்டும் திரையில் வைத்துக்கொண்டால் போதும்.