புண்ணாக்குக்குக் கொட்டேஷன் கேட்டோம்

போன வருஷம் எங்க குழுவுக்கு 2 டன் வேப்பம் புண்ணாக்கு வாங்க, மூணு கடையில போன்லயே விலை கேட்டேன். மூட்டை 1,100 ரூபாய் என்றவரிடம் எடுத்தோம். வந்தது 40 கிலோ மூட்டை, கிலோ 27.50 ரூபாய், வண்டி வாடகை தனி. 1,250 கேட்டவரோ 50 கிலோ மூட்டை, கிலோ 25 ரூபாய்தான்! பேங்க்ல இருந்தவனுக்கே இந்த கதி.

இந்த வருஷம் மூவருக்கும் ஒரே கடிதம்: 'கலப்படமில்லாத வேப்பங்கொட்டைப் புண்ணாக்கு, 50 கிலோ மூட்டை 40. வரி, வாடகை, இறக்குகூலி சேர்த்துக் கிலோ விலை எழுதவும். அரைக் கிலோ மாதிரியும் தேவை. 15ஆம் தேதி மாலை 5 மணிக்குள் வரணும்.'

மாதிரியைத் தண்ணீரில் கரைத்தோம். ஒன்றில் அடியில் மணல் தங்கியது. 16ஆம் தேதி ஒருவர் விலையைக் குறைத்து மறுபடி எழுதினார். அடுத்தவர் விலை தெரிந்திருக்கலாம், அதை ஏற்கவில்லை.