பெயர் இரண்டு, பாதை ஒன்று

வைஃபைக்கு இரண்டு பெயர் வைத்து இரண்டு கடவுச்சொல் கொடுத்தால் வலையமைப்பும் இரண்டாகிவிடும் என்பது, மட்டக்களப்பு வாவியோர விடுதிகளிலும் அலுவலகங்களிலும் திரும்பத் திரும்பக் காதில் விழும் நம்பிக்கை. விருந்தினருக்குத் தனிப்பெயர் இருக்கிறது, அதனால் பில் போடும் கணினி பத்திரம் என்று சொல்லி வேலை முடிந்ததாகக் கணக்குத் தீர்த்துவிடுகிறார்கள். இது தவறு. கடவுச்சொல் ஒருவரை உள்ளே விடலாமா என்று மட்டும் பார்க்கிறது. உள்ளே வந்தவர் எங்கே போகிறார் என்பதை அது தீர்மானிப்பதில்லை.

வாவிக்கரையில் இருபது அறைகள் கொண்ட ஒரு விடுதியை எடுத்துக்கொள்வோம். தோட்டத்துக் கம்பத்தில் ஓர் அக்சஸ் பொயின்ட். அதிலிருந்து ஒரே ஒரு வயர் உள்ளறைச் சுவிட்சுக்கு வருகிறது. சுவிட்சின் அந்தப் போர்ட் அக்சஸ் போர்ட்டாக, அதாவது ஒரே வீலானுக்குரியதாக இருக்கிறது. விருந்தினர் பெயரில் இணைந்த கைபேசியும் ஊழியர் பெயரில் இணைந்த மடிக்கணினியும் காற்றில் வெவ்வேறு பெயர்களில் பேசினாலும், இரண்டின் தரவும் அந்த ஒரே வயரில் எந்த அடையாளமும் இல்லாமல் கலந்து இறங்குகின்றன. எது யாருடையது என்று சுவிட்சுக்குத் தெரிய வழியே இல்லை. சோதித்துப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். கைபேசியை விருந்தினர் பெயரில் இணைத்து அதன் ஐபி முகவரியைப் பார்க்க வேண்டும். அது `192.168.1.57` என்றும், வரவேற்பு மேசைக் கணினியின் முகவரி `192.168.1.20` என்றும் இருந்தால், இருவரும் ஒரே முற்றத்தில்தான் நிற்கிறார்கள்.

வெவ்வேறு பெயர் இருந்தால்தான் வெவ்வேறு வலையமைப்பு என்ற எண்ணமும் இதே இடத்தில் உடைகிறது. `eduroam` என்ற ஒரே வைஃபைப் பெயர் உலகம் முழுவதும் பல்கலைக்கழகங்களில் வழங்குகிறது. இலங்கையில் அதை நடத்துவது லேர்ன் வலையமைப்பு. வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகம் உட்பட அரச பல்கலைக்கழகங்கள் அந்த வலையமைப்பில் இணைந்தவை. இந்த முறையில் ரேடியஸ் சேவையகம் ஆளை அடையாளம் கண்ட கையோடு அவருக்குரிய வீலான் எண்ணையும் பதிலில் அனுப்ப முடியும். அப்படி அமைத்தால் விரிவுரையாளரும் வெளியூர் வருகையாளரும் ஒரே பெயரில் இணைந்து வெவ்வேறு வீலான்களில் போய்ச் சேர்வார்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் பாதை இரண்டாகும். பிரிப்பது பெயரல்ல, வீலான் எண்தான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அந்த எண்ணை வயரில் சுமந்து செல்வதுதான் டிரங்க் போர்ட்டின் வேலை. 1998-இல் வெளியான `802.1Q` தரம் தரவுச் சட்டகத்தில் 4 பைட் அளவுள்ள ஒரு சீட்டைச் செருகுகிறது. அதில் வீலான் எண் இருக்கும். ஊழியர் பெயரில் வந்ததற்கு 10, விருந்தினர் பெயரில் வந்ததற்கு 20 என்று அக்சஸ் பொயின்ட்டே சீட்டு ஒட்டி அனுப்புகிறது. சுவிட்ச் அதைப் படித்துப் பிரிக்கிறது. அக்சஸ் பொயின்ட்டை நிர்வகிக்கும் பேச்சு மூன்றாவதான 99-இல் சீட்டில்லாமல் போகிறது. சீட்டில்லாமல் வருவதை எந்த வீலானில் சேர்ப்பது என்று சுவிட்சுக்குச் சொல்வதே நேட்டிவ் வீலான். பெட்டியிலிருந்து எடுத்த புது அக்சஸ் பொயின்ட் சீட்டில்லாமல்தான் முகவரி கேட்கும் என்பதால் இந்த ஏற்பாடு வசதியானது. சிஸ்கோ சுவிட்சில் இப்படி எழுதலாம்:

```
interface GigabitEthernet0/12
 description AP-garden
 switchport mode trunk
 switchport trunk native vlan 99
 switchport trunk allowed vlan 10,20,99
```

இந்த மூன்று வீலான்களும் சுவிட்சில் முதலிலேயே உருவாக்கப்பட்டிருக்க வேண்டும். சுவிட்சிலிருந்து ரவுட்டருக்குப் போகும் டிரங்கிலும் இதே எண்கள் அனுமதிக்கப்பட்டிருக்க வேண்டும். அங்கே 20 விட்டுப்போனால் வருவதுதான் அடுத்த வதந்தி: “விருந்தினர் பக்கம் சிக்னல் இல்லை.” சிக்னல் முழுதாக இருக்கும், கடவுச்சொல்லும் ஏற்கப்படும், முகவரி மட்டும் கிடைக்காது. விண்டோஸ் கணினியில் `169.254` என்று தொடங்கும் முகவரி தெரிந்தால், அது டிஎச்சிபி பதில் வரவில்லை என்பதன் அடையாளம். ஊழியர் பெயர் வேலை செய்து விருந்தினர் பெயர் மட்டும் இப்படி நின்றால் அன்டெனாவைத் திருப்பிக்கொண்டிருக்கக் கூடாது. `show interfaces trunk` என்று தட்டி 20 எந்தப் போர்ட்டில் காணாமல் போகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

இன்னொரு விபத்தும் அடிக்கடி நேர்வது. கமெராக்களுக்காக 30-ஐச் சேர்க்க நினைப்பவர் `switchport trunk allowed vlan 30` என்று எழுதிவிடுகிறார். அந்தக் கட்டளை பட்டியலில் சேர்ப்பதில்லை, பழைய பட்டியலை அழித்து 30-ஐ மட்டும் வைக்கிறது. அந்த நொடியே ஊழியர், விருந்தினர், நிர்வாகம் மூன்றும் போய்விடும். எழுத வேண்டியது `switchport trunk allowed vlan add 30`.

வீலான் போட்டாலே பாதுகாப்பு வந்துவிடும் என்பது படித்தவர்களின் மூடநம்பிக்கை. மூன்று வீலான்களுக்கும் ரவுட்டரே வாசல். தடைவிதி எழுதாவிட்டால் பல ரவுட்டர்கள் ஒரு வீலானிலிருந்து மற்றதற்குத் தரவைத் தாராளமாகக் கடத்திவிடும். 20-இலிருந்து 10-க்கும் 99-க்கும் போவதை மறுத்து, இணையத்துக்குப் போவதை அனுமதிக்க வேண்டும். ரவுட்டரின் நிர்வாகப் பக்கமும் விருந்தினருக்குத் திறக்கக் கூடாது. விதி எழுதிய பிறகு விருந்தினர் கைபேசியிலிருந்து அந்தப் பக்கத்தைத் திறக்க முயன்று, அது திறக்கவில்லை என்று கண்டால்தான் வேலை முடிந்ததாகும்.

டிரங்க் போட்டால் வேகம் குறையும் என்பதற்கு அடிப்படையே இல்லை, 4 பைட் யாருக்கும் உறைக்காது. வைஃபைப் பெயரை மறைத்தால் பாதுகாப்பு என்பதும் வீண், அதைக் கண்டுபிடிக்கச் சாதாரணச் செயலி போதும். எல்லா அக்சஸ் பொயின்ட்டுக்கும் டிரங்க் கட்டாயம் என்பதும் சரியல்ல. தரவு முழுவதையும் மையக் கட்டுப்பாட்டுக் கருவிக்குச் சுரங்கவழியாக அனுப்பும் அமைப்புகளில் அக்சஸ் பொயின்ட்டுக்குச் சாதாரணப் போர்ட் போதும், டிரங்க் அந்தக் கருவியிடம் இருக்கும். அக்சஸ் பொயின்ட், சுவிட்ச், ரவுட்டர் மூன்றும் ஒரே பெட்டியில் அடங்கிய வீட்டு ரவுட்டர்களில் விருந்தினர் பிரிப்பு உள்ளேயே நடப்பதுண்டு. தனி அக்சஸ் பொயின்ட் வைத்த விடுதிக்கு அந்த வாதம் பொருந்தாது.

கடைசியாக, எவரும் கண்டுகொள்ளாத ஓர் ஓட்டை. தோட்டத்துக் கம்பத்தில் இருக்கும் வயரைக் கழற்றித் தன் மடிக்கணினியில் செருகுபவர் எங்கே போய்ச் சேர்வார்? அவருடைய கணினி சீட்டில்லாமல் பேசும். சீட்டில்லாததெல்லாம் 99-இல், அதாவது நிர்வாக வீலானில் விழும். விருந்தினரை இத்தனை பாடுபட்டுப் பிரித்துவிட்டு, சாவியைக் கம்பத்தில் தொங்கவிட்டதாகிவிடும். தோட்டத்திலும் படகுத்துறையிலும் உள்ள அக்சஸ் பொயின்ட்டுகளில் நிர்வாகப் பேச்சுக்கும் சீட்டு ஒட்டி, நேட்டிவாக எதற்கும் பயன்படாத ஓர் எண்ணை வைப்பது ஒரு வழி. அப்போதும் எண்ணை ஊகித்துச் சீட்டு ஒட்டத் தெரிந்தவரை அது தடுக்காது, கருவியை முன்கூட்டியே அமைத்துக்கொண்டுதான் கம்பத்தில் ஏற்றவும் வேண்டும். ஆகவே வயர் முனையைப் பூட்டுள்ள, காற்றுப் புகாத பெட்டிக்குள் கைக்கெட்டாத உயரத்தில் வைப்பதைத் தவிர்க்கக் கூடாது. உப்புக்காற்றில் அந்த முனையின் செப்பு பச்சை பூத்துப்போவதும் அதே பெட்டியால் தள்ளிப்போகும். சுவிட்ச் அலுமாரிக் கதவின் உட்புறத்தில் எந்தப் போர்ட், எந்த அக்சஸ் பொயின்ட், எந்த வீலான் என்று தமிழில் எழுதிய ஒரு தாளையும் ஒட்டிவையுங்கள். அடுத்து வரும் தொழில்நுட்பவியலாளர் முதலில் தேடப்போவது அதைத்தான்.