அண்ணன் பெயருக்கா, பிள்ளை பெயருக்கா, டிரஸ்டுக்கா?

"அண்ணன்காரன் பாத்துக்குவான்." மலையகத்தில் அறிவு வளர்ச்சிக் குறைவோ மூளை முடக்குவாதமோ உள்ள பிள்ளையைப் பெற்றவர்களிடம், உங்களுக்குப் பின் என்ன என்று கேட்டால் பெரும்பாலும் இந்தப் பதில்தான் வரும். அண்ணன் பார்க்கவும் பார்ப்பான். அண்ணன் இறந்துபோனால் என்ன என்பதைத்தான் யாரும் யோசிப்பதில்லை.

முதலில் கையில் இருக்கும் காகிதத்தை எடுத்துப் பாருங்கள். லயக்காம்பரா தோட்டத்துடையது. எத்தனை தலைமுறை அதில் வாழ்ந்திருந்தாலும் அதை எந்த உறுதியிலும் எழுத முடியாது. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த அனுமதிப்பத்திரமோ அளிப்போ என்றால், நொத்தாரிசிடம் போவதற்கு முன் பிரதேச செயலகத்துக்குப் போக வேண்டும். அளிப்புக் காணியை முன்கூட்டிய எழுத்துமூல அனுமதி இல்லாமல் கைமாற்றினால் அந்த உறுதி செல்லாது. அங்கே பின்னுரித்தாளரை நியமிப்பதுதான் பெரும்பாலும் இருக்கும் வழி. ஏழு பேர்ச்சஸ் வீட்டுத் திட்டத்தில் கிடைத்த பத்திரத்திலும் விற்கக்கூடாது, கைமாற்றக்கூடாது என்று நிபந்தனை இருக்கிறதா என்று வரிவரியாக வாசியுங்கள். கீழே சொல்வதெல்லாம் சுத்தமான தனியார் உறுதி உள்ள காணிக்கு.

ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். ஓய்வு பெற்ற கணக்கப்பிள்ளை ஒருவர். ஹற்றன் பக்கம் அவர் பெயரில் பத்து பேர்ச்சஸ் காணி, அதில் வீடு, முன்னால் மாதம் 25,000 ரூபா வாடகை வரும் ஒரு கடை. மனைவி இருக்கிறார். கொழும்பில் வேலை செய்யும் மகன், கட்டிக்கொடுத்த மகள், டவுன் சின்ட்ரோம் உள்ள பத்தொன்பது வயதுக் கடைசி மகள்.

அவர் எதுவும் எழுதாமல் இறந்தால், 1876ஆம் ஆண்டின் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டப்படி பாதி மனைவிக்கு. மீதிப் பாதி மூன்று பிள்ளைகளுக்கும் சமமாக, ஆளுக்கு ஆறில் ஒன்று. தாயும் போனபின் ஆளுக்கு மூன்றில் ஒன்று. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் அது பிரிக்கப்படாத பங்கு. பங்காளி ஒருவர் நினைத்தால் பிரிவினை வழக்குப் போடலாம். பத்து பேர்ச்சஸில் நிற்கும் ஒரு வீட்டை மூன்றாக வெட்ட முடியாததால் நீதிமன்றம் அதை விற்று, பணத்தைப் பிரிக்கச் சொல்லலாம். அப்போது சின்ன மகளின் கையில் பணம் இருக்கும், கூரை இருக்காது.

சரி, வீட்டை அவள் பெயருக்கே நன்கொடை உறுதியாக எழுதி, பெற்றோருக்கு ஆயுட்கால உரிமை வைத்துக்கொண்டால்? பாசத்தில் எடுக்கும் முடிவு இது. நன்கொடையை ஒருவர் ஏற்றுக்கொண்டால்தான் அது முழுமையாகும். பதினெட்டு வயது தாண்டிய, உறுதியில் என்ன எழுதியிருக்கிறது என்று விளங்காத பிள்ளையின் கையொப்பம் நாளைக்குக் கேள்விக்குள்ளாகும். அந்தக் கையொப்பத்தையே வேறொருவர் வேறொரு காகிதத்தில் வாங்கவும் முடியும். வாடகைப் பத்திரம் புதுப்பிக்க வேண்டுமென்றால்கூட, மாவட்ட நீதிமன்றம் போய் அவளுடைய சொத்துக்கு ஒரு முகாமையாளரை நியமிக்கச் சொல்லிக் கேட்க வேண்டி வரும். உடல் குறைபாடு மட்டும் உள்ள, தன் காரியத்தைத் தானே பார்க்கும் பிள்ளைக்கு இந்த வழி நல்லதுதான். அவர்களுக்கு டிரஸ்ட் எழுதுவது தேவையில்லாத கடிவாளம்.

அடுத்தது, மகன் பெயருக்கு எழுதி "தங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று ஒரு வரி சேர்ப்பது. மிகவும் வழக்கத்தில் உள்ளது, என் கணக்கில் மிகவும் ஆபத்தானதும் இதுதான். அந்த வரி பல நேரம் வெறும் விருப்பமாகவே நின்றுவிடும். "அவனுக்குப் பின் தங்கைக்கு" என்று சொத்தைத் தலைமுறைக்குக் கட்டிப்போடும் பழைய முறையும் 1972இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டுவிட்டது. இன்னும் மோசமானது ஒன்று உண்டு. மகன் நல்லவனாகவே இருந்து விபத்தில் இறக்கிறான் என்று வையுங்கள். வீட்டின் பாதி அவன் மனைவிக்கு, பாதி அவன் பிள்ளைகளுக்கு. தங்கைக்கு ஒரு அங்குலமும் இல்லை. அவன் கடனுக்கு வங்கி வந்தாலும் இதே கதி.

டிரஸ்ட், சட்டத் தமிழில் நம்பிக்கைப் பொறுப்பு, இந்த ஓட்டையைத்தான் அடைக்கிறது. 1917ஆம் ஆண்டு 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புகள் கட்டளைச் சட்டப்படி வீடும் காணியும் பொறுப்பாளர் பெயரில் நிற்கும். ஆனால் அவை அவருடைய சொத்தல்ல. அவர் இறந்தால் அவர் மனைவிக்குப் போகாது, அவர் சொந்தக் கடனுக்கும் போகாது. காணியாக இருப்பதால் நொத்தாரிசு உறுதியாகவோ மரண சாசனமாகவோதான் இருக்க வேண்டும். வெள்ளைத்தாளில் எழுதி முத்திரை ஒட்டியது எதற்கும் உதவாது.

உறுதியா, சாசனமா? சாசனம் எழுதச் செலவு குறைவு, உயிரோடு இருக்கும்வரை மாற்றலாம். ஆனால் இறந்தபின் மாவட்ட நீதிமன்றத்தில் மரணசாசன வழக்கு முடிய வேண்டும். மனத்தாங்கல் உள்ள பிள்ளை அங்கே தடை போடலாம். சொந்தங்களுக்குள் ஒற்றுமை இருந்தால் சாசனம் போதும்.

நம் கணக்கப்பிள்ளைக்கு நான் சொல்வது உறுதி. அதில் முதல் பொறுப்பாளர் அவரே. சொத்தை எழுதுபவரே பொறுப்பாளராகவும் இருக்கச் சட்டம் இடம் தருகிறது. அப்படி இருந்தால் இன்னொருவருக்கு உரிமை மாற்றத் தேவையில்லை, வீடு அவர் கையை விட்டுப் போன உணர்வும் வராது. அவருக்குப் பின் மகனும் பிள்ளையின் சித்தியும் இருவராகச் சேர்ந்து. ஒரே ஆளை வைக்காதீர்கள். இருவரில் ஒருவர் விலகினால் அடுத்தவர் யார் என்றும் பெயர் போட்டு எழுதுங்கள். பெயர் இல்லையென்றால் மறுபடி நீதிமன்றப் படிதான். ரத்து செய்யும் உரிமை வேண்டுமென்றால் அதை உறுதியிலேயே தெளிவாக ஒதுக்கி வைக்க வேண்டும், எழுதாவிட்டால் பின்னால் கேட்க முடியாது.

உள்ளே எழுத வேண்டியதை நொத்தாரிசின் பழைய படிவத்துக்கு விட்டுவிடாதீர்கள். சாகும்வரை அந்த வீட்டில் வசிக்கும் உரிமை அவளுக்கு. கடை வாடகையில் 20,000 அவள் சாப்பாட்டுக்கும் மருந்துக்கும், 5,000 கூரைக்கும் வரிக்கும். விற்பதென்றால் இரு பொறுப்பாளரும் ஒப்ப வேண்டும், விற்ற பணத்தில் அவளுக்கே வேறு வீடு வாங்க வேண்டும். அவள் காலத்துக்குப் பின் மீதி யாருக்கு என்பதையும் எழுதுங்கள். அந்த வரி இல்லாத உறுதிதான் வழக்குக்குப் போகும்.

கையொப்பம் போட்டதோடு வேலை முடிவதில்லை. உறுதி காணிப் பதிவகத்தில் அந்தக் காணிக்குரிய பக்கத்திலேயே பதிவாக வேண்டும். பின்னால் ஒரு பொறுப்பாளர் தன் சொத்துபோல விற்கப் பார்த்தால், தேடிப் பார்க்கும் வாங்குபவரின் கண்ணில் டிரஸ்ட் படுவது அந்தப் பக்கத்தில்தான். பதிவு இல்லாமல் விவரம் தெரியாத ஒருவர் காசு கொடுத்து வாங்கிவிட்டால் மீட்பது பெரும்பாடு. ஆறு மாதம் கழித்து நீங்களே போய் ஒரு பிரதி எடுத்துப் பாருங்கள்.

சேமலாப நிதி வேறு கணக்கு. வீட்டு உறுதி அதைத் தொடாது. அங்கே யார் பெயரை நியமித்திருக்கிறீர்களோ அவருக்குத்தான் பணம். கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரைப் போட்டுவிட்டு அப்படியே விட்டவர்கள் தோட்டத்தில் ஏராளம். ஆண்களுக்கு 55, பெண்களுக்கு 50 வயதில் பணம் கைக்கு வந்ததும், பிள்ளைக்கென ஒதுக்கும் பகுதியைப் பொறுப்பாளர்கள் பெயரில் டிரஸ்ட் கணக்காக வங்கியில் போடலாம்.

நம்ப ஒருவரும் இல்லையென்றால் கொழும்பில் பொது நம்பிக்கைப் பொறுப்பாளர் இருக்கிறார், 1922ஆம் ஆண்டுச் சட்டத்தில் உருவான அரச பதவி. அந்தப் பதவிக்குச் சாவில்லை, மச்சினிச்சி சண்டையும் இல்லை. கட்டணம் உண்டு. பணத்தையும் காணியையும் பார்ப்பார், ஆனால் பிள்ளை குளித்தாளா, மாத்திரை போட்டாளா என்று ஹற்றனுக்கு வந்து பார்க்கமாட்டார். கடைசி மாற்றுப் பொறுப்பாளராக அவரை எழுதி வைப்பது எனக்குச் சரியாகப் படுகிறது.

தமிழ்நாட்டு வீடியோக்களில் 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம், மாவட்டக் குழு, பாதுகாவலர் சான்றிதழ் என்று கேட்டிருப்பீர்கள். அது இந்தியச் சட்டம், அந்தச் சான்றிதழுக்கு இங்கே வலு இல்லை. பிள்ளையோடு யார் இருப்பது, எந்த மருந்து எத்தனை மணிக்கு, இடி இடித்தால் எதைக் கையில் கொடுத்தால் அடங்குவாள் என்பதை உறுதியில் எழுதாமல் தனியாக ஒரு கொப்பியில் எழுதிச் சித்தியிடம் கொடுங்கள். உறுதியை மாற்ற ஒவ்வொரு தடவையும் நொத்தாரிசுக்குக் காசு கட்ட வேண்டும், கொப்பியில் அடித்துத் திருத்திக்கொள்ளலாம்.