வண்டி நின்றதா, நின்றதுபோல் தெரிந்ததா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் டெலிவரி வண்டிகளின் ஜிபிஎஸ் பதிவைப் பற்றியவை. அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: மருந்து மொத்த வியாபாரம் செய்கிறோம். வேனில் இருக்கும் டிராக்கர் 30 விநாடிக்கு ஒரு பதிவு அனுப்புகிறது. வேகம் 0 என்று தொடர்ந்து வரும் வரிகளை ஒரு நிறுத்தமாகக் கணக்கிட்டேன். ஒரே கடை வாசலில் கால் மணி நேரம் நின்ற வண்டி, மூன்று நான்கு குட்டி நிறுத்தங்களாகச் சிதறிக் கிடக்கிறது. என்ன பிழை?
*– மதுரை வாசகர்*

பதில்: வேகத்தை மட்டும் நம்பியதுதான் பிழை. நிற்கிற வண்டியையும் ஜிபிஎஸ் நகர்த்திக் காட்டும். சந்துக்குள் சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பி வரும்போது, வண்டி இருக்கும் இடம் திடீரென்று ஐம்பது, அறுபது மீட்டர் தள்ளிப் போகும். வேகமும் 3, 4 என்று காட்டும். நீங்கள் அனுப்பிய பதிவையே பாருங்கள். முதலில் நேரம், அடுத்து வேகம் (கி.மீ.), கடைசியில் வண்டி நின்ற இடத்திலிருந்து தூரம் (மீட்டர்).

```
10:42:00   18   140
10:42:30    0     8
10:43:00    0     6
10:43:30    3    12
...
10:49:30    4    61
10:50:00    0     9
...
10:58:30    0    11
10:59:00   14    95
10:59:30   22   240
```

10:43:30-இல் வந்த 3 உங்கள் நிறுத்தத்தை ஒருமுறை வெட்டியது. 10:49:30-இல் வந்த 4 இன்னொரு முறை வெட்டியது. வண்டியோ அசையவே இல்லை.

நிறுத்தம் என்பது ஓர் இடமும் ஒரு கால அளவும் சேர்ந்தது. 40 மீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் போடுங்கள். அதற்குள் குறைந்தது 3 நிமிடம் இருந்தால் நிறுத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே ஒரே ஒரு புள்ளி விழுந்தால் வண்டி கிளம்பிவிட்டதாக முடிவுகட்டக் கூடாது. அடுத்தடுத்து இரண்டு புள்ளிகள் வெளியே விழ வேண்டும். 61 மீட்டரில் விழுந்த புள்ளி தனியாள், அடுத்த பதிவிலேயே வண்டி வட்டத்துக்குள் வந்துவிட்டது. 95, 240 என்று ஜோடியாக வந்தவைதான் உண்மையான கிளம்பல்.

வட்டத்தின் மையத்துக்கு முதல் புள்ளியை எடுக்காதீர்கள், அதுவே தாவிய புள்ளியாக இருக்கலாம். சராசரியும் வேண்டாம், ஒரு பெரிய தாவல் அதை இழுத்துவிடும். உள்ளே விழுந்த புள்ளிகளின் அட்சரேகைகளை வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடுங்கள், தீர்க்கரேகைக்கும் அப்படியே.

இனி நேரம். உள்ளே விழுந்த முதல் பதிவு 10:42:30, கடைசிப் பதிவு 10:58:30. ஆக 16 நிமிடம். ஆனால் வண்டி 10:42:00-க்கும் 10:42:30-க்கும் இடையில் எப்போதோ வந்தது. கிளம்பியதும் அப்படியே ஓர் அரை நிமிட இடைவெளிக்குள். எனவே 16-இலிருந்து 17 நிமிடத்துக்குள் என்பதே நேர்மையான விடை. அறிக்கையில் விநாடி வரை அச்சடிப்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

கேள்வி: எங்கள் பால் வேன் விடியற்காலை 4 மணிக்குக் கிளம்பும். பதிவில் முந்தைய நாள் இரவு 10:30 என்று இருக்கிறது. டிராக்கர் பழுதா?
*– ஈரோடு வாசகர்*

பதில்: டிராக்கர் சரியாக இருக்கிறது. அது உலகப் பொது நேரத்தில் எழுதுகிறது. 5:30 கூட்டுங்கள், ஒரே ஒரு இடத்தில் மட்டும். தேதி வாரியாகப் பிரிப்பது அதற்குப் பிறகுதான்.

கேள்வி: வேகம் 5-க்குக் கீழே போனால் நிறுத்தம் என்று வைத்தேன். நெரிசலில் ஊர்ந்துபோகும் வண்டியெல்லாம் நின்றதாக வருகிறது.
*– திருப்பூர் வாசகர்*

பதில்: நீங்கள் படிப்பது `$GPRMC` வரி. அதில் வேகம் நாட் கணக்கில் இருக்கும், கிலோமீட்டரில் அல்ல. 5 நாட் என்றால் 9 கிலோமீட்டருக்கும் மேல். 1.852-ஆல் பெருக்கிவிட்டு மறுபடி பாருங்கள்.

கேள்வி: எங்கள் ஓட்டுநர் ஒருவரின் வண்டி 47 நிமிடம் ஒரே இடத்தில் நின்றதாக மென்பொருள் சொல்கிறது. அவர் நிற்கவே இல்லை என்று சாதிக்கிறார். அந்த நேரத்துக்குச் சம்பளம் பிடிக்கலாமா?
*– சென்னை வாசகர்*

பதில்: பிடிக்காதீர்கள். முதலில் வரைபடத்தை மூடிவிட்டு மூலப் பதிவைத் திறங்கள். அந்த 47 நிமிடத்தில் எத்தனை வரிகள் இருக்கின்றன? நீங்கள் அனுப்பிய கோப்பில் ஒன்றுகூட இல்லை. 2:10-க்கு ஒரு வரி, 2:57-க்கு அடுத்த வரி, நடுவில் வெறுமை. அந்த வெறுமையைத்தான் மென்பொருள் நிறுத்தம் என்று எழுதிவைத்திருக்கிறது.

இதை எத்தனை முறை சொன்னாலும் தீராது போலிருக்கிறது: பதிவு வராததும் வண்டி நின்றதும் ஒன்றல்ல. வண்டி அடித்தளப் பார்க்கிங்கில் இருந்திருக்கலாம். டிராக்கரின் மின் இணைப்பு தளர்ந்திருக்கலாம். இன்ஜின் அணைந்ததும் பேட்டரியைக் காப்பாற்ற டிராக்கரே தூங்கப் போயிருக்கலாம். நெட்வொர்க் இல்லாத இடத்தில் சேர்த்துவைத்த வரிகளைப் பிறகு மொத்தமாக அனுப்பியிருக்கலாம். சர்வருக்கு வந்து சேர்ந்த நேரத்தை வைத்து அடுக்கினால் அவை வேறெங்கோ போய் உட்கார்ந்திருக்கும். அடுக்க வேண்டியது ஜிபிஎஸ் நேரத்தை வைத்து.

அதையும் செய்த பிறகு வெறுமை மிஞ்சினால், அதன் இரு கரைகளைப் பாருங்கள். இரண்டும் ஒரே இடம், முன் வரியில் இன்ஜின் அணைந்திருக்கிறது, ஓடோமீட்டரும் மாறவில்லை என்றால் வண்டி நின்றதாகத் தாராளமாக எழுதலாம். ஒரே இடம், ஆனால் ஓடோமீட்டர் 6 கிலோமீட்டர் கூடியிருந்தால், போய்த் திரும்பியிருக்கிறது. உங்கள் கோப்பில் இரண்டு வரிகளுக்கும் இடையே தூரம் 9 கிலோமீட்டர். சென்னை மதியப் போக்குவரத்தில் அதுவே அரை மணி நேர ஓட்டம். மிச்ச நேரத்தில் என்ன நடந்தது என்பதற்குப் பதிவில் விடை கிடையாது. அறிக்கையில் ‘ஓட்டம்’, ‘நிறுத்தம்’ இரண்டோடு ‘தெரியாது’ என்று மூன்றாவதாக ஒரு பத்தி போடுங்கள்.

இன்னொன்று. நின்றதே உண்மை என்றாலும், சோம்பலால் நின்றார் என்று எப்படித் தெரியும்? சரக்கை எண்ணி வாங்க வேண்டிய குமாஸ்தா சாப்பிடப் போயிருந்தால் உங்கள் ஓட்டுநர் வாசலில் காய வேண்டியதுதான். கடை வாரியாக நிற்கும் நேரத்தை அடுக்கிப் பாருங்கள். எந்த ஓட்டுநர் போனாலும் ஒரே கடையில்தான் தாமதம் என்றால், பேச வேண்டியது அந்தக் கடைக்காரரிடம்.

கேள்வி: எங்களுடையது கூரியர். ஒரு வீட்டில் ஒரு நிமிடம்கூட நிற்க மாட்டோம். 3 நிமிட எல்லை வைத்தால் டெலிவரி எல்லாம் விடுபடுகிறது. 40 விநாடி வைத்தால் சிக்னலில் நின்றதெல்லாம் டெலிவரியாகிறது.
*– கோவை வாசகர்*

பதில்: கவலை வேண்டாம், உங்கள் கணக்கில் தவறில்லை. கால அளவை வைத்து மட்டும் இரண்டையும் பிரிக்க முடியாது. சிக்னலில் ஒன்றரை நிமிடம் நிற்பது சாதாரணம். குறைந்த எல்லையை வைத்து எல்லாவற்றையும் பிடியுங்கள், பிறகு இடத்தை வைத்துச் சலியுங்கள். உங்கள் எல்லா வண்டிகளும் நாள்தோறும் நிற்கிற சந்திப்பு சிக்னல்தான். அதைத் தனிப் பட்டியலில் போடுங்கள். ஓட்டுநர் கையெழுத்து வாங்கும் செயலியில் நேரம் பதிவாகுமே, அதற்கு அருகில் விழும் நிறுத்தம் டெலிவரி. 30 விநாடிக்கு ஒரு பதிவு உங்களுக்குப் போதாது. 40 விநாடி நிறுத்தத்தில் ஒரே ஒரு புள்ளிதான் விழக்கூடும். 5 விநாடிக்கு மாற்றுங்கள்.

கேள்வி: வாடிக்கையாளர் முகவரியை வரைபடத்தில் குறித்து 50 மீட்டர் வட்டம் போட்டேன். பல கடைகளுக்கு வண்டி போகவே இல்லை என்கிறது.
*– சேலம் வாசகர்*

பதில்: வரைபடம் காட்டும் முகவரி பல நேரம் தெரு முனையோ, பின்கோடின் நடுப்புள்ளியோதான். சரியாகக் குறித்திருந்தாலும் வேன் சந்துக்குள் நுழையாமல் மெயின் ரோட்டில் நிற்கும். பில் போட்ட நாட்களில் வண்டி உண்மையில் நின்ற இடங்களைத் திரட்டி, அவற்றின் நடுப்புள்ளியைக் கடையின் இடமாக வையுங்கள். வட்டத்தை 200 மீட்டராக்க மட்டும் ஆசைப்படாதீர்கள், பக்கத்துக் கடையும் உள்ளே வந்துவிடும்.